கேண்டில்ஸ்டிக் சார்ட்டும் மூவிங் ஆவரேஜும்: பகுதிநேர முதலீட்டாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு கேண்டிலில் என்னென்ன தகவல் இருக்கிறது?

நான்கே எண்கள்: தொடக்க விலை, உச்ச விலை, அடி விலை, முடிவு விலை. சார்ட் மென்பொருளின் மேல் மூலையில் O, H, L, C என்று தெரிவது இவைதான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள தடித்த பகுதி உடல். அதற்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகள் திரி அல்லது நிழல்.

ஒரு நாள் 100-இல் தொடங்கி, 108 வரை ஏறி, 97 வரை இறங்கி, 105-இல் முடிந்தது என்று கொள்ளுங்கள். உடல் 100 முதல் 105 வரை. மேல் திரி 3 புள்ளி, கீழ்த் திரியும் 3 புள்ளி. தொடங்கிய இடத்தைவிட மேலே முடிந்திருப்பதால் வழக்கமான அமைப்பில் பச்சை நிறம்.

இதில் இல்லாத தகவலையும் கவனிக்க வேண்டும். 108 முதலில் வந்ததா, 97 முதலில் வந்ததா என்று இந்தக் கேண்டில் சொல்லாது. காலையில் 97-க்குச் சரிந்து, பிறகு 108-க்கு ஏறி, கடைசியில் சற்றுத் தளர்ந்த நாளும், காலையிலேயே 108-ஐத் தொட்டு, மதியம் 97-க்கு விழுந்து, மீண்டும் 105-க்கு எழுந்த நாளும் ஒரே வடிவத்தைத்தான் தரும். "வாங்குபவர்கள் கடைசி நேரத்தில் வென்றார்கள்" என்பது போன்ற விளக்கங்களை நாள் கேண்டிலை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வரிசை தெரிய வேண்டுமானால் அதே நாளின் 15 நிமிட சார்ட்டைத் திறக்க வேண்டும்.

பச்சை என்றால் அன்று விலை ஏறியது என்றுதானே அர்த்தம்?

இல்லை. புதிதாக வருபவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். நிறம் அதே நாளின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே ஒப்பிடுகிறது. நேற்று 110-இல் முடிந்த பங்கு இன்று கெட்ட செய்தியால் 100-இல் தொடங்கி 105-இல் முடிந்தால் கேண்டில் பச்சை. கையில் வைத்திருப்பவருக்கோ 4.5 சதவீத நஷ்டம். இரண்டு கேண்டில்களுக்கு இடையே வெற்றிடம் தெரிந்தால், அதாவது கேப் இருந்தால், நிறத்தைத் தள்ளிவைத்துவிட்டு நேற்றைய முடிவையும் இன்றைய முடிவையும் ஒப்பிடுங்கள்.

ஹெய்கின் ஆஷி என்ற சார்ட் வகையிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. பார்வைக்குக் கேண்டில் போலவே இருக்கும். ஆனால் அதன் முடிவு விலை என்பது அன்றைய நான்கு விலைகளின் சராசரி, தொடக்க விலையோ முந்தைய ஹெய்கின் ஆஷி கேண்டிலின் உடலின் நடுப்புள்ளி. அங்கே தெரியும் விலையில் சந்தையில் யாரும் வாங்கவோ விற்கவோ இல்லாமல் இருக்கலாம். சார்ட் திடீரென்று வழுவழுப்பாக, ஒரே நிறம் தொடர்ந்து வருவது போலத் தெரிந்தால், சார்ட் வகை மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹேமர், எங்கல்ஃபிங், டோஜி என்று நிறைய வடிவங்கள் இருக்கின்றனவே, எத்தனையை மனப்பாடம் செய்ய வேண்டும்?

ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. உடலும் திரியும் எப்படி உருவாகின்றன என்று புரிந்தால் எந்த வடிவத்தையும் நீங்களே படித்துவிடலாம். பெயர்கள் பெரும்பாலும் தேவையில்லாத நம்பிக்கையைத்தான் கூட்டுகின்றன.

ஹேமரையே எடுத்துக்கொள்வோம். சிறிய உடல், உடலைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நீளமுள்ள கீழ்த் திரி, மேல் திரி ஏறக்குறைய இல்லை. இறக்கத்துக்குப் பிறகு வந்தால் திருப்பத்தின் அறிகுறி என்பார்கள். இதே வடிவம் ஏற்றத்தின் முடிவில் வந்தால் அதற்கு ஹேங்கிங் மேன் என்று வேறு பெயர், பொருளும் நேர் எதிர். ஆக, வடிவம் தனியாக எதையும் சொல்லவில்லை. அதற்கு முன் விலை எங்கிருந்து வந்தது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு சிக்கல், கேண்டிலின் கால எல்லை நாம் வைத்தது என்பது. ஒரு வாரத்தைப் பார்ப்போம்:

| நாள் | தொடக்கம் | உச்சம் | அடி | முடிவு |
|---|---|---|---|---|
| திங்கள் | 100 | 101 | 98 | 99 |
| செவ்வாய் | 99 | 99.5 | 96 | 96 |
| புதன் | 96 | 97 | 90 | 96.5 |
| வியாழன் | 96.5 | 97 | 93 | 93.5 |
| வெள்ளி | 93.5 | 94 | 90.5 | 91 |

புதன்கிழமை நல்ல ஹேமர்: உடல் அரைப் புள்ளி, கீழ்த் திரி 6 புள்ளி. நாள் சார்ட் பார்ப்பவருக்கு அன்று வாங்கத் தோன்றும். இப்போது ஐந்து நாட்களையும் ஒரே வாரக் கேண்டிலாகச் சேர்ப்போம். தொடக்கம் திங்களின் 100, முடிவு வெள்ளியின் 91, உச்சம் 101, அடி 90. கிடைப்பது 9 புள்ளி உடல் கொண்ட நீண்ட சிவப்புக் கேண்டில். ஹேமர் எங்கும் இல்லை. ஒரே பங்கு, ஒரே வாரம், இரண்டு எதிரெதிரான செய்திகள். இரவும் பகலும் நடக்கும் நாணயச் சந்தை, கிரிப்டோ போன்றவற்றில் இது இன்னும் மோசம். நாள் எந்த மணிக்கு முடிகிறது என்பது மென்பொருளின் நேர அமைப்பைப் பொறுத்தது. அதை மாற்றினால் நேற்றிருந்த வடிவமே காணாமல் போகலாம்.

அதனால் ஒரு கேண்டிலைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதைவிடப் பெரிய கால அளவில் அதே இடத்தைப் பார்ப்பது. நாள் சார்ட்டில் கண்டால் வார சார்ட். இரண்டும் முரண்பட்டால் சிறியதை விட்டுவிடுங்கள்.

மதியம் தெரிந்த வடிவம் சந்தை முடிந்ததும் காணோமே, மென்பொருள் கோளாறா?

கோளாறு இல்லை. கடைசிக் கேண்டில் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. நேரம் முடியும் வரை முடிவு விலை என்று தெரிவது அந்த நொடியின் விலைதான். வலப்பக்கக் கடைசிக் கேண்டிலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கடைசி சில நாட்களின் விலைச் சராசரியான மூவிங் ஆவரேஜும் அந்தத் தற்காலிக விலையை வைத்தே கணக்கிடப்படுவதால், பகலில் ஏற்பட்ட கிராஸ் ஓவர், அதாவது விலை சராசரிக் கோட்டைக் கடப்பது, மாலையில் மறைந்துபோவதும் இயல்பே. முடிந்த கேண்டிலைப் பார்த்து, அடுத்த நாள் தொடக்கத்தில் செயல்படுவது என்று விதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

SMA, EMA இரண்டுக்கும் கணக்கில் என்ன வேறுபாடு?

SMA எளிய சராசரி. 20 நாள் SMA என்றால் கடைசி 20 முடிவு விலைகளைக் கூட்டி 20-ஆல் வகுப்பது. 20 நாட்களுக்கும் சம மதிப்பு. 21 நாட்களுக்கு முந்தைய விலைக்கு மதிப்பே இல்லை.

EMA அண்மை நாட்களுக்கு அதிக எடை தரும். நேற்றைய EMA-வுக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை எடுத்து, நேற்றைய EMA-வுடன் சேர்க்க வேண்டும். அந்தப் பங்கு 2/(N+1). 20 நாளுக்கு 2/21, அதாவது சுமார் 0.095. நேற்று EMA 100, இன்று விலை 110 என்றால் புதிய EMA 100.95. பழைய விலைகள் இதில் ஒரேயடியாக வெளியேறுவதில்லை, மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும்.

EMA வேகமானது, ஆகவே சிறந்தது என்று சொல்வார்கள். திடீர் மாற்றத்துக்கு அது முதலில் அசைவது உண்மை. ஆனால் இரண்டிலும் உள்ள விலைகளின் சராசரி வயது ஒன்றுதான்: (N-1)/2 நாள். 20-க்கு 9.5 நாள், 50-க்கு 24.5 நாள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வேறுபாடு வராது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

விலை இறங்கிய நாளில்கூட SMA கோடு ஏறுகிறதே, எப்படி?

SMA-வில் ஒவ்வொரு நாளும் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. புதிய விலை உள்ளே வருகிறது, மிகப் பழைய விலை வெளியே போகிறது. கோடு எந்தப் பக்கம் நகரும் என்பது இந்த இரண்டின் வித்தியாசத்தைப் பொறுத்தது. நேற்றைய விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று விலை 104-இலிருந்து 102-க்கு இறங்கினாலும், வெளியேறும் விலை 99 ஆக இருந்தால் 5 நாள் சராசரி 3/5, அதாவது 0.6 புள்ளி ஏறும்.

ஆகவே சராசரிக் கோடு திரும்புவது சில சமயம் இன்றைய செய்தியே அல்ல. N நாட்களுக்கு முன் நடந்த ஒரு பெரிய அசைவு கணக்கிலிருந்து விழுவதன் விளைவாக இருக்கலாம். கோடு காரணமில்லாமல் திரும்பினால் N கேண்டில் பின்னால் எண்ணிப் பாருங்கள், விடை அங்கே இருக்கும்.

20, 50, 200 — எந்த மூவிங் ஆவரேஜை வைப்பது?

இந்த எண்களில் எந்த மந்திரமும் இல்லை. நாள் சார்ட்டில் 20 என்பது ஏறக்குறைய ஒரு மாத வர்த்தக நாட்கள், 50 இரண்டரை மாதம், 200 பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் முதலீட்டுக் காலத்துக்கு ஏற்றதைத்தான் வைக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாகப் பேசும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைச் சரியாகக் கணக்கிடலாம்.

ஒரு பங்கு நாளுக்கு ஒரு புள்ளி வீதம் நீண்ட காலம் ஏறி, உச்சத்தைத் தொட்டு, அதே வேகத்தில் இறங்கத் தொடங்குகிறது என்று வையுங்கள். முடிவு விலை SMA-வுக்குக் கீழே எந்த நாளில் போகும்? 20 நாள் சராசரி என்றால் உச்சத்துக்குப் பிறகு 6-ஆம் நாள். 50 நாள் என்றால் 15-ஆம் நாள். 200 நாள் என்றால் 59-ஆம் நாள். நினைவில் வைக்க எளிய அளவு: சராசரியின் நீளத்தில் ஏறக்குறைய 29 சதவீத நாட்கள் தாமதம்.

இந்தத் தாமதம் இரண்டு முனையிலும் வரும். அடியிலிருந்து உச்சம் வரை 100 நாளில் 100 புள்ளி ஏறிய ஒரு பங்கில், 50 நாள் சராசரியைப் பின்பற்றுபவர் 15-ஆம் நாள் சைகை பெற்று 16-ஆம் நாள் வாங்குவார். உச்சம் தாண்டி 15-ஆம் நாள் சைகை வந்து 16-ஆம் நாள் விற்பார். 100 புள்ளியில் அவருக்குக் கிடைப்பது 68. நேர்கோட்டில் ஏறி நேர்கோட்டில் இறங்கும், சந்தையில் காணவே முடியாத அளவு ஒழுங்கான பங்கிலேயே இதுதான் நிலை. ஏற்றம் குறுகியதாக இருந்தால் தாமதமே மொத்த லாபத்தையும் தின்றுவிடும்.

"விலை சராசரிக்கு மேலே போனால் வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு" என்ற எளிய விதியைப் பின்பற்றினால் போதாதா?

நீண்ட ஏற்றத்தில் இந்த விதி ஓரளவு நன்றாகவே நடந்துகொள்ளும் என்பதை மேலே பார்த்தோம். அது உடைவது, விலை ஒரு திசையில் போகாமல் மேலும் கீழும் ஆடும் பக்கவாட்டுச் சந்தையில். கணக்கு எளிதாக இருக்க 5 நாள் SMA எடுத்துக்கொள்வோம். சைகை வந்த மறுநாள் தொடக்கத்தில் வாங்குகிறோம் அல்லது விற்கிறோம். மறுநாள் தொடக்க விலை முந்தைய முடிவுக்குச் சமம் என்று வைப்போம். முதல் ஐந்து நாட்களின் முடிவு விலைகள் 100, 101, 99, 100, 100. சராசரி 100, கையில் பங்கு இல்லை.

| நாள் | முடிவு | 5 நாள் SMA | சைகை |
|---|---|---|---|
| 6 | 103 | 100.6 | வாங்கு |
| 7 | 104 | 101.2 | |
| 8 | 102 | 101.8 | |
| 9 | 100 | 101.8 | வில் |
| 10 | 99 | 101.6 | |
| 11 | 101 | 101.2 | |
| 12 | 103 | 101.0 | வாங்கு |
| 13 | 102 | 101.0 | |
| 14 | 100 | 101.0 | வில் |

இரண்டு முறையும் 103-இல் வாங்கி 100-இல் விற்றிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் 2.9 சதவீதம், சேர்த்து 5.7 சதவீத நஷ்டம். தரகு, வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்குமான இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 0.2 சதவீதம் செலவு என்றால் நான்கு பரிமாற்றத்துக்குப் பின் நஷ்டம் 6.5 சதவீதம். அதை மீட்கவே பங்கு ஏறக்குறைய 7 சதவீதம் ஏற வேண்டும். பங்கின் விலையோ 5-ஆம் நாளும் 100, 14-ஆம் நாளும் 100. எதுவும் செய்யாமல் வைத்திருந்தவர் ஒன்றும் இழக்கவில்லை.

இதற்கு விப்சா என்று பெயர். விதியைத் தவறாகப் பின்பற்றியதால் இது நேரவில்லை; விதியின் கட்டமைப்பே இப்படித்தான். சராசரியைக் கடக்க விலை முதலில் நகர்ந்தாக வேண்டும். ஆகவே மேலே போன பிறகுதான் வாங்குவோம், கீழே வந்த பிறகுதான் விற்போம். விலை ஒரு குறுகிய வரம்புக்குள் ஆடும்போது அந்த வரம்பின் மேல் பாதியில் வாங்கி, கீழ்ப் பாதியில் விற்பதே நமது நிரந்தர வேலையாகிவிடும். நீண்ட ஏற்றம் ஒன்று வந்து இந்தச் சிறு நஷ்டங்களையெல்லாம் ஈடுசெய்தால்தான் விதிக்குப் பலன் உண்டு. அது எப்போது வரும் என்று சராசரிக்குத் தெரியாது.

பக்கவாட்டுச் சந்தையில் மட்டும் விதியை நிறுத்திவைத்தால்?

பக்கவாட்டு என்பது முடிந்த பிறகுதான் தெளிவாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ADX போன்ற குறியீடுகள் உள்ளன. அவையும் கடந்த விலைகளிலிருந்து கணக்கிடப்படுபவைதான், அவற்றுக்கும் தாமதம் உண்டு.

இன்னொரு வழி வடிகட்டி வைப்பது: சராசரியை வெறுமனே கடந்தால் போதாது, 3 சதவீதம் மேலே போனால்தான் வாங்குவது. மேலே உள்ள அட்டவணையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 6-ஆம் நாள் எல்லை 103.6, விலை 103, வாங்கவில்லை. 7-ஆம் நாள் எல்லை 104.2, விலை 104, வாங்கவில்லை. 12-ஆம் நாளும் எல்லை 104-க்குச் சற்று மேலே, விலை 103. இரண்டு நஷ்டமும் மறைந்துவிட்டன. இதே வடிகட்டியை 2 சதவீதமாக வைத்தால் 6-ஆம் நாள் எல்லை 102.6 ஆகிவிடும், முதல் நஷ்டம் திரும்ப வந்துவிடும்.

3 என்ற எண் எங்கிருந்து வந்தது? விடை தெரிந்த 14 நாட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த 14 நாட்களில் விலை 104.5 வரை ஆடினால் அதே 3 சதவீதம் நம்மை இன்னும் உயரத்தில் வாங்க வைக்கும். உண்மையான ஏற்றம் வந்தால் இன்னும் தாமதமாக உள்ளே அழைத்துப்போகும். வடிகட்டி விப்சாவைக் குறைப்பது தாமதத்தை விலையாகக் கொடுத்துத்தான். இரண்டையும் ஒன்றாகக் குறைக்கும் அமைப்பு கிடையாது. யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால், எந்த ஆண்டுகளின் தரவில் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த ஆண்டுகளில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆண்டுகள் என்றால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

பழைய சார்ட்டில் கோடு போட்டுப் பார்த்தால் எல்லாமே அவ்வளவு சரியாக வருகிறதே?

கண் அப்படித்தான் பார்க்கும். இதைச் சோதிக்க ஒரு விரிதாள் போதும். A1-இல் 100 என்று இடுங்கள். பிறகு இவற்றை இட்டு, A நிரலை 250 வரிசை வரைக்கும், B நிரலையும் அதே வரிசை வரைக்கும் கீழே இழுங்கள்:

```
A2:   =A1*IF(RAND()<0.5,0.99,1.01)
B20:  =AVERAGE(A1:A20)
```

இரண்டு நிரலையும் கோட்டு வரைபடமாக்குங்கள். இது நாணயம் சுண்டி உருவாக்கிய விலை: ஒவ்வொரு நாளும் ஒரு சதவீதம் மேலே அல்லது கீழே, முந்தைய நாளோடு எந்தத் தொடர்பும் இல்லை. F9-ஐ அழுத்த அழுத்தப் புதிய சார்ட் வரும். அவற்றில் இரட்டை உச்சி, தலையும் தோளும், ஆதரவு நிலை, அழகான நீண்ட ஏற்றம், சராசரியில் மோதித் திரும்பும் விலை எல்லாம் தெரியும். 1959-இல் ஹாரி ராபர்ட்ஸ் என்ற புள்ளியியலாளர் தற்செயல் எண்களால் இப்படிச் சார்ட்டுகள் உருவாக்கி, அவை உண்மையான பங்குச் சந்தை வரைபடங்களைப் போலவே இருப்பதைக் காட்டினார்.

சந்தை முழுவதும் தற்செயல் என்று இதற்குப் பொருளில்லை. வடிவம் தெரிவது மட்டும் ஆதாரமாகாது என்பதே பொருள். நீங்கள் நம்பும் வடிவம் நாணயம் சுண்டி உருவாக்கிய சார்ட்டில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உண்மைச் சார்ட்டிலும் அதே அளவுதான் வருகிறது என்றால் அதில் தகவல் இல்லை.

எண்ணிக்கையும் ஏமாற்றும். எந்தத் திறனும் இல்லாத ஒரு விதி, சோதனையில் தற்செயலாக நன்றாகத் தெரிய 20-இல் ஒரு வாய்ப்பு என்று வைப்போம். அப்படிப்பட்ட 20 தனித்தனி விதிகளைச் சோதித்தால் அவற்றில் குறைந்தது ஒன்றாவது ஜொலிக்க 64 சதவீத வாய்ப்பு. மென்பொருளில் 10 முதல் 200 வரை எல்லா நீளத்தையும் ஓட்டி, சிறந்ததைத் தேர்ந்தெடுப்பவர் செய்வது இதுவே.

ஆராய்ச்சிகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

கலவையாகச் சொல்கின்றன. மூவிங் ஆவரேஜ் விதிகளுக்குச் சாதகமான, பெரிதும் பேசப்பட்ட ஆய்வு 1992-இல் வந்தது. ப்ராக், லகோனிஷோக், லெபரான் என்ற மூவர் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையிலான தரவில், வாங்கும் சைகைக்குப் பின் வந்த நாட்களின் ஆதாயம் விற்கும் சைகைக்குப் பின் வந்தவற்றைவிட அதிகம் என்று கண்டார்கள். 1999-இல் சல்லிவன், டிம்மர்மன், ஒயிட் ஆகியோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒன்றாக வைத்து, "நிறையச் சோதித்ததால் தற்செயலாக நல்லது கிடைத்ததா" என்ற கேள்வியோடு பார்த்தார்கள். பழைய காலத்தில் சிறந்து நின்ற விதி 1986-க்குப் பிந்தைய பத்தாண்டில் அந்தச் சிறப்பைக் காட்டவில்லை.

கேண்டில் வடிவங்களுக்குக் கிடைத்த முடிவு இன்னும் பலவீனமானது. மார்ஷல், யங், ரோஸ் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, டவ் ஜோன்ஸ் குறியீட்டுப் பங்குகளில் 1992 முதல் 2002 வரை இந்த வடிவங்கள் லாபம் தரவில்லை என்றே முடிந்தது.

பகுதிநேர முதலீட்டாளருக்கு நேரடியாகப் பொருந்துவது பார்பரும் ஓடியனும் 2000-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரு தள்ளுபடித் தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் 1991–1996 பரிமாற்றங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களின் ஆண்டு வருமானம் 11.4 சதவீதம். சந்தையின் வருமானம் 17.9 சதவீதம். அடிக்கடி சைகை தரும் எந்த முறையும் முதலில் இந்தச் செலவுச் சுவரைத் தாண்டியாக வேண்டும்.

சார்ட்டில் ஒரே நாளில் பாதி விலை போய்விட்டது போலத் தெரிகிறதே?

பெரும்பாலும் பங்குப் பிரிப்பாக இருக்கும். ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தால் விலை பாதியாகும், முதலீட்டாளருக்கு நஷ்டமில்லை. பழைய விலைகளைச் சரிசெய்யாத தரவில் அது பெரும் சரிவாகத் தெரியும். 200 நாள் சராசரியும் அடுத்த 200 நாட்களுக்குத் தவறாகவே இருக்கும். அமைப்பில் "Adjusted" என்ற தேர்வு இருந்தால் அதை இயக்குங்கள். பல ஆண்டு சார்ட் பார்க்கும்போது "Log" அளவையும் போடுங்கள். சாதாரண அளவில் 10-இலிருந்து 20-க்கு ஏறியதும் 100-இலிருந்து 110-க்கு ஏறியதும் ஒரே உயரமாகத் தெரியும். முன்னது 100 சதவீதம், பின்னது 10 சதவீதம்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் ஆபத்து முடிந்துவிடுமே?

சாதாரண ஸ்டாப் லாஸ் ஆணை விலையை உறுதி செய்யாது. விலை அந்த இடத்தைத் தொட்டதும் விற்பனை ஆணையாக மாறும், அவ்வளவுதான். 92-இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள், இரவில் கெட்ட செய்தி, காலையில் பங்கு 80-இல் திறக்கிறது என்றால் 80-ஐ ஒட்டித்தான் விற்கும். 92-க்குக் கீழே விற்காதே என்று எல்லை வைத்தால் ஆணை நிறைவேறாமலே நிற்கலாம், பங்கு இன்னும் கீழே போகலாம். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் கோடு எங்கே இருந்தது என்பதால் பயன் ஏதுமில்லை.

அதனால் எத்தனை பங்கு வாங்குகிறோம் என்பதில்தான் உண்மையான பாதுகாப்பு. மொத்த முதல் 1,00,000. ஒரு முடிவில் அதிகபட்சம் 1 சதவீதம், அதாவது 1,000 இழக்கலாம் என்று தீர்மானிக்கிறீர்கள். 100-இல் வாங்கி 92-இல் வெளியேறுவது திட்டம் என்றால் ஒரு பங்குக்கு 8 ஆபத்து. 1,000-ஐ 8-ஆல் வகுத்தால் 125 பங்கு, முதலீடு 12,500. காலையில் 80-இல் திறந்தாலும் நஷ்டம் 2,500, மொத்தத்தில் 2.5 சதவீதம். திட்டத்தைவிட இரண்டரை மடங்கு மோசம், ஆனால் கணக்கு உயிரோடு இருக்கும். முழுத் தொகையையும் ஒரே பங்கில் போட்டவர் அதே காலையில் 20 சதவீதம் இழந்திருப்பார்.

இவ்வளவு குறை இருந்தால் சார்ட்டே பார்க்க வேண்டாமா?

பாருங்கள், ஆனால் அது சொல்லக்கூடியதை மட்டும் கேளுங்கள். ஒரு பங்கு வழக்கமாக நாளுக்கு எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கேண்டில்களின் உயரம் உடனே காட்டும். 4 சதவீதம் ஆடும் பங்கில் 2 சதவீதத்தில் ஸ்டாப் வைத்தால் காரணமே இல்லாமல் வெளியேற்றப்படுவோம் என்பது சார்ட்டைப் பார்த்தால்தான் தெரியும். கேப் அடிக்கடி வருகிறதா என்று பார்த்தால் ஸ்டாப் லாஸை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். 200 நாள் சராசரி, விலை தன் கடந்தகாலத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்ற அளவைத் தரும். நிறுவனம் நல்லதா, அந்த விலை தகுமா என்று சார்ட்டிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு நிதி அறிக்கையைப் படிக்க வேண்டும்.

ஒரு விதியைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்றால் அதைப் பணம் போடும் முன் எழுதிவைத்துச் சோதியுங்கள். எந்த SMA, எந்தக் கேண்டில் முடிவில் சைகை, எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று ஒரே பத்தியில் எழுத வேண்டும். பத்தாண்டுத் தரவு இருந்தால் முதல் ஆறு ஆண்டுகளில் மட்டும் எண்களைத் தேர்ந்தெடுத்து, கடைசி நான்கு ஆண்டுகளை ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முடிவு பிடிக்கவில்லை என்று எண்ணை மாற்றி மீண்டும் ஓட்டினால் அந்த நான்கு ஆண்டுகளும் சோதனைத் தரவாக இருப்பது நின்றுபோகும். சைகை வந்த அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கிடாதீர்கள், மறுநாள் தொடக்க விலையைப் போடுங்கள். இரு பக்கச் செலவையும் கழியுங்கள். கடைசியில், அதே நான்கு ஆண்டுகள் பங்கை வாங்கிச் சும்மா வைத்திருந்தால் டிவிடெண்டோடு சேர்த்து என்ன கிடைத்திருக்கும் என்ற எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். விதியின் எண் அதைவிடக் குறைவாக இருந்து, இடையில் வந்த மிகப் பெரிய சரிவும் பெரிதாகக் குறையவில்லை என்றால், அந்த விதியை விட்டுவிட வேண்டியதுதான்.